ஆறப்போடு, வாய்விட்டுப் படி, பின்னாலிருந்து படி: சொந்த எழுத்தில் பிழை பிடிக்கும் மூன்று சல்லடைகள்

முதலில் கீழே இருக்கும் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள். இந்தக் கட்டுரைக்காக வேண்டுமென்றே பிழைகளோடு எழுதியது. மொத்தம் எட்டுப் பிழைகள். பேனா எடுக்க வேண்டாம், சாதாரணமாகப் படிக்கும் வேகத்திலேயே படியுங்கள். எத்தனை கண்ணில் பட்டது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

> மேட்டூர் அணையின் கட்டுமானப் பனி 1925-ல் தொடங்கி 1943-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அணைக்காகத் தங்கள் ஊரை விட்டுக் கிளம்பியக் குடும்பங்கள், வீடும் நிலமும் தண்ணீருக்குள் போய்விட்டதால், அவர்களுடைய வாழ்க்கை புதிய இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கோடையில் வெகுவாகக் குறைந்தால், பண்ணவாடி பகுதியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். மறுபடி தண்ணீர் ஏறும்போது நந்தியின் தலை மட்டும் மட்டும் கொஞ்ச நாள் வெளியே நிற்கும். நீர்த்தேக்கத்தின் கறையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. ஊரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பழைய முகவரி.

பிழை இருக்கிறது, அதுவும் எட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். அப்படியும் ஒரே வாசிப்பில் எட்டையும் பிடிப்பது கஷ்டம். இதே பத்தியை நீங்களே எழுதி, எழுதி முடித்த சூட்டோடு படித்துப் பார்த்தால் இன்னும் குறைவாகத்தான் அகப்படும்.

இது சும்மா அழகுக்கான விஷயம் இல்லை. பத்திரிகையில் எழுதுகிறவருக்குப் பின்னால் ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருப்பார். நம்மைப் போல வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஆய்வுக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது. நாம் ‘1943’ என்று போட்டால் அதை இன்னொருவர் எடுத்து எழுதுவார், அவரைப் பார்த்து மூன்றாமவர் எழுதுவார். ஐந்து வருஷம் கழித்து நாமே தேடும்போது ‘பல இடங்களில் 1943 என்றுதான் இருக்கிறது’ என்று நம் பிழையே நமக்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

அச்சகங்களுக்கும் இந்தக் கதி வந்திருக்கிறது. 1631-ல் லண்டனில் அச்சான ஒரு பைபிள் பதிப்பில், பத்துக் கட்டளைகளில் ஒன்றில் ‘செய்யாதே’ என்ற பொருள் தரும் ஒரு சின்னச் சொல் விட்டுப்போனது. விளைவு, ‘விபசாரம் செய்வாயாக’ என்று கட்டளையே தலைகீழானது. அச்சிட்ட ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூக்காஸுக்கும் 300 பவுண்டு அபராதம். அந்த வரி அவர்களுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும். மனப்பாடமான வரியில் விட்டுப்போன சொல்லை மனது தானே போட்டுக்கொள்ளும் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல்.

கண் ஏன் ஏமாறுகிறது?

படிக்கும்போது கண் வரி மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது. ஒரு இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு சில எழுத்துகள் தள்ளி அடுத்த இடத்துக்குத் தாவும். நடுவில் இருக்கிற சின்னச் சொற்கள் பலவற்றின் மேல் கண் நிற்பதே இல்லை. அந்த இடைவெளியை ‘இங்கே இதுதான் இருக்கும்’ என்ற ஊகத்தை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘பாரிஸ் இன் த த ஸ்பிரிங்’ என்று முக்கோணத்துக்குள் எழுதிக் காட்டும் பழைய வேடிக்கை பலர் பார்த்திருப்பீர்கள். ‘த’ இரண்டு முறை இருப்பதைப் பெரும்பாலானோர் கவனிக்க மாட்டார்கள். மேலே உள்ள பத்தியில் ‘மட்டும் மட்டும்’ அதே வகைதான்.

ஊகம் பலமாக இருக்க இருக்க, கண் பார்ப்பது குறையும். ஒரு பிரதியைப் பற்றிய ஊகம் யாருக்கு அதிகம்? எழுதியவருக்குத்தான். அடுத்த வரி என்ன என்பது பக்கத்தைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். மெரிடித் டேன்மன், முர்ரே ஸ்டெய்ன்டன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1993-ல் இதைச் சோதித்து, அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பதைவிடத் தன் எழுத்தில் கண்டுபிடிப்பது கடினம் என்று காட்டினார்கள். காரணம் சோம்பலோ கவனக்குறைவோ இல்லை, அளவுக்கு மீறிய பழக்கம்.

ஆகவே சொந்தப் பிரதியைத் திருத்துவது என்றால், அந்தப் பழக்கத்தை எப்படியாவது உடைப்பது என்றுதான் அர்த்தம். மூன்று வழிகள் உண்டு. ஆறப்போட்டால் நினைவு மங்கும். வாய்விட்டுப் படித்தால் கண் தாவ முடியாது. பின்னாலிருந்து படித்தால் ஊகத்துக்கே இடமில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கண் அளவுள்ள சல்லடை. ஒன்றில் விழுகிற பிழை இன்னொன்றில் விழாது. மேட்டூர் பத்தியையே ஒவ்வொன்றிலும் போட்டுச் சலித்துப் பார்ப்போம்.

முதல் சல்லடை: ஆறப்போடுவது

எவ்வளவு நாள்? எழுதியதை ஒன்பது வருஷம் உள்ளே வைத்திரு என்றார் ரோமக் கவிஞர் ஹோரஸ். நமக்குக் கட்டுப்படியாகாது. நாள் கணக்கைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. பிரதியைத் திறந்து, நடுவில் ஏதாவது ஒரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். அடுத்த வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு, அது என்ன என்று சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டதா? மூடி வைத்துவிடுங்கள், இன்னும் சூடு ஆறவில்லை. ‘ஏதோ நந்தியைப் பற்றி வரும்’ என்கிற அளவுக்கு மங்கலாக இருந்தால் படிக்கத் தொடங்கலாம். ஆயிரம் சொல் குறிப்புக்கு ஓர் இரவாவது வேண்டும். ஒரே மூச்சில் எழுதியது சீக்கிரம் ஆறும். பத்து முறை திருத்தித் திருத்தி எழுதியது ஆற நாளாகும், ஏனென்றால் ஒவ்வொரு திருத்தமும் அதை மனப்பாடம் ஆக்கியிருக்கும்.

ஆறிய பிறகு படிக்கும் முதல் வாசிப்பில் எழுத்துப்பிழை தேடாதீர்கள். இந்த நேரத்தில் மட்டும்தான் நீங்கள் கொஞ்சம் வாசகராக இருக்கிறீர்கள். இரண்டாவது வாசிப்புக்கே மறுபடி எழுதியவர் ஆகிவிடுவீர்கள். அதனால் இந்த வாசிப்பை வாசகர் கேட்கிற கேள்விகளுக்குச் செலவிடுங்கள்: யார், எப்போது, எது, ஏன்?

மேட்டூர் பத்தியில் இப்படிக் கேட்டால் இரண்டு பிழைகள் விழுகின்றன. ‘கோடையில் வெகுவாகக் குறைந்தால்’ என்ற இடத்தில் எது குறைந்தால் என்று கேளுங்கள். நீர்மட்டம் என்ற சொல் பக்கத்தில் இல்லை. எழுதும்போது அது மனதில் இருந்தது, விரலுக்கு வரவில்லை. சூட்டோடு படித்தால் மனதிலிருந்து எடுத்து நாமே அதை நிரப்பிக்கொள்வோம்.

அடுத்தது 1943. பக்கத்து வாக்கியத்திலேயே ‘அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி’ என்று இருக்கிறது. ஸ்டான்லி சென்னை ஆளுநராக இருந்தது 1929 முதல் 1934 வரை. 1943-ல் முடிந்த அணைக்கு ‘அப்போதைய’ ஆளுநராக அவர் எப்படி இருக்க முடியும்? சரியான ஆண்டு 1934. கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிழையை மற்ற இரண்டு சல்லடைகளும் விட்டுவிடும். வாய்விட்டுப் படித்தாலும் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று’ என்று சரளமாகத்தான் வரும். பின்னாலிருந்து படித்தாலும் 1943 குறையில்லாத எண்தான். ஒரு எண்ணைப் பிழை என்று காட்டுவது இன்னொரு தகவலோடு அது மோதுவதுதான். மோத எதுவும் இல்லையென்றால், மூலத்தைத் திறந்து வைத்து எண்களை மட்டும் தனியாக ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டாவது சல்லடை: வாய்விட்டுப் படிப்பது

வாய் ஒவ்வொரு சொல்லையும் சொல்லித்தான் ஆகவேண்டும், தாவ முடியாது. அது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் தமிழில் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. எழுவாயைச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு ‘ஆனதால்’, ஒரு ‘என்பதற்காக’ எல்லாம் போட்டுக் கடைசிக்கு வருவதற்குள், எதில் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். கண் இதைக் கண்டுகொள்ளாது. வாய் கண்டுகொள்ளும், ஏனென்றால் அதற்கு மூச்சு வேண்டும், எங்கே குரலை இறக்குவது என்று தெரிந்தாக வேண்டும்.

இப்போது மூன்றாவது வாக்கியத்தைச் சத்தமாகப் படியுங்கள். ‘குடும்பங்கள்’ என்று சொல்லிக் குரலை ஏற்றி நிறுத்துகிறோம். அது ஏதோ செய்தது என்று கேட்கக் காது காத்திருக்கிறது. ‘அவர்களுடைய வாழ்க்கை’ என்று புதிதாக ஒன்று தொடங்குகிறது. ‘தொடங்க வேண்டியிருந்தது’ என்று முடிக்கும்போது குடும்பங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. இந்த மாதிரி வாக்கியம் பெரும்பாலும் முதல் முறை எழுதும்போது வருவதில்லை. பாதி எழுதி, பின்பாதியை மாற்றி, முன்பாதியைத் தொடாமல் விடும்போது வருகிறது. இதைச் சரிசெய்ய எளிய வழி, இரண்டாக உடைப்பது: ‘அணைக்காகத் தங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்களின் வீடும் நிலமும் தண்ணீருக்குள் போய்விட்டன. புதிய இடத்தில் அவர்கள் வாழ்க்கையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.’

அதே வாக்கியத்தில் ‘கிளம்பியக் குடும்பங்கள்’ என்று ஒரு வேண்டாத ‘க்’ இருக்கிறது. கிளம்பிய, வந்த, சொன்ன போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் ஒற்று மிகாது. பக்கத்தில் உள்ளதை உள்ளபடியே உச்சரித்தால் ‘கிளம்பியக்க்’ என்று நாக்கு இடறும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மிகையாக வந்த ஒற்றை வாய் பிடித்துவிடும்.

ஆனால் விட்டுப்போன ஒற்றை வாய் பிடிக்காது! ‘பண்ணவாடி பகுதியில்’ என்று பக்கத்தில் இருக்கிறது, ‘பண்ணவாடிப் பகுதியில்’ என்று இருக்க வேண்டும். தமிழ் பேசி வளர்ந்த வாய், எழுத்தில் இல்லாவிட்டாலும் அந்த ‘ப்’பைத் தானே சேர்த்துப் படித்துவிடும். காதுக்குச் சரியாகவே கேட்கும். நாம் திருப்தியாக அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ‘எனக்கு தெரியும்’, ‘அதை பார்த்தேன்’ போன்றவை எத்தனை முறை சத்தமாகப் படித்தாலும் பிரதியில் அப்படியே தங்கிவிடுவதற்கு இதுதான் காரணம்.

வாய்க்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ‘கட்டுமானப் பனி’, ‘நீர்த்தேக்கத்தின் கறை’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பணிக்கும் பனிக்கும், கரைக்கும் கறைக்கும் அன்றாடப் பேச்சில் நம்மில் பலர் வித்தியாசம் காட்டுவதில்லை. ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் கேட்கவே வேண்டாம். ஒலி ஒன்றாகிவிட்டபோது காது எப்படிப் பிரித்துச் சொல்லும்?

வாய்விட்டுப் படிக்கும்போது செய்யக்கூடாதது ஒன்று. தடுமாறிய இடத்தில் நின்று உடனே திருத்தாதீர்கள். ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடருங்கள். நின்று நின்று திருத்தினால் ஓட்டம் அறுந்துவிடும், அடுத்த தடுமாற்றம் பிரதியால் வந்ததா நின்றதால் வந்ததா என்று தெரியாமல் போகும். இரண்டு தடவை அதே இடத்தில் தடுமாறினால் அது வாக்கியத்தின் குறை, உங்கள் வாயின் குறை இல்லை.

சொந்தக் குரலில் ஒரு சின்ன ஆபத்து உண்டு: நாம் நினைத்ததையே படித்துவிடுவோம். அதற்குக் கணினியைப் படிக்கவிட்டுக் கேட்கலாம். லினக்ஸில் ஒரு வரி போதும்:

```
espeak-ng -v ta -f draft.txt
```

குரல் இனிமையாக இருக்காது, டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு நம் மனதில் என்ன இருந்தது என்று தெரியாது, இருப்பதை மட்டும் படிக்கும். ‘மட்டும் மட்டும்’ என்பதை வெட்கமில்லாமல் இரண்டு முறை சொல்லும். ‘கோடையில் வெகுவாகக் குறைந்தால்’ என்று நீர்மட்டத்தை விட்டுவிட்டே போகும். போனில் உள்ள திரைவாசிப்பானும் இதே வேலையைச் செய்யும்.

இது நமக்குப் புது வழக்கமும் இல்லை. நூலை அவையில் வாய்விட்டுச் சொல்லி, கேட்டவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்லி ஏற்கச் செய்வதுதான் அரங்கேற்றம். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்பு அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ரப்பர் வாத்து தெரிந்திருக்கும். நிரலை வரிவரியாக ஒரு பொம்மை வாத்துக்கு விளக்கிச் சொன்னால், சொல்லும்போதே பிழை எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். அதங்கோட்டாசான் கிடைக்காதவர்களுக்கு வாத்து!

மூன்றாவது சல்லடை: பின்னாலிருந்து படிப்பது

இதுவரை நான்கு பிழைகள் உறுதியாக விழுந்துவிட்டன: விட்டுப்போன நீர்மட்டம், 1943, தொங்கும் குடும்பங்கள், மிகையான ‘க்’. கணினிக் குரலைக் கேட்டிருந்தால் ‘மட்டும் மட்டும்’ ஐந்தாவது. மிச்சம் இருப்பவை பனி, கறை, பண்ணவாடி.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லும் யோசனை, கடைசிச் சொல்லில் தொடங்கி ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிப் படி என்பது. பொருள் அறுந்துவிடுவதால் ஊகம் வேலை செய்யாது, ஒவ்வொரு சொல்லின் எழுத்தும் தனியாகத் தெரியும் என்பது தத்துவம். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ‘தொடங்கி’ சரி. ‘1925-ல்’ சரி. ‘பனி’... சரிதானே? பனி நல்ல தமிழ்ச் சொல். மார்கழியில் பெய்வது. ‘கறை’யும் அப்படித்தான், சட்டையில் படுவது. தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. சொல்திருத்தி மென்பொருள் இவற்றை விட்டுவிடுவதும் இதனால்தான். நிரல்மொழியில் சொன்னால், இவை கம்பைல் ஆகிவிடும் பிழைகள்.

‘பண்ணவாடி பகுதியில்’ கதையும் அதுதான். ‘பகுதியில்’ சரி, ‘பண்ணவாடி’ சரி. பிழை இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிறது. சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும்போது அந்த நடுவே காணாமல் போய்விடுகிறது. ஆக, சொல்வரிசையில் பின்னோக்கிப் படிப்பது, தமிழில் அதிகம் வரும் இரண்டு வகைப் பிழைகளையும் தப்பவிடும்.

தமிழுக்குப் பொருந்தும்படி இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசி வாக்கியத்தில் தொடங்கி, வாக்கியம் வாக்கியமாகப் பின்னால் போகவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் கடைசியிலிருந்து இரண்டிரண்டு சொற்களாகப் பார்க்கவேண்டும். அந்த இரண்டையும் இயல்பான வரிசையில்தான் படிக்கவேண்டும், ஆனால் ஜோடிகள் பின்னோக்கிப் போகும். ஒரு சொல் இரண்டு ஜோடியிலும் வரும். நான்காவது வாக்கியத்தின் நடுவிலிருந்து பாருங்கள்: ‘பழைய கோயிலின்’, ‘பகுதியில் பழைய’, ‘பண்ணவாடி பகுதியில்’. ஒவ்வொரு ஜோடியிடமும் இரண்டே கேள்வி. இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒற்று வேண்டுமா? இந்த இரண்டும் சேர்ந்து பொருள் தருகிறதா?

முதல் கேள்வியில் ‘பண்ணவாடிப் பகுதியில்’ கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியில் ‘நீர்த்தேக்கத்தின் கறையில்’ என்ற ஜோடி வரும்போது, சட்டைக்கறை நீர்த்தேக்கத்தில் எங்கே வந்தது என்று கண் நிற்கும். ‘கட்டுமானப் பனி’ சிரிக்க வைக்கும். ‘மட்டும் மட்டும்’ ஒரு ஜோடியாகவே வந்து எதிரில் நிற்கும். எட்டும் முடிந்தது.

பணி பனியாவதற்குப் பெரும்பாலும் காரணம் அறியாமை இல்லை, ஷிஃப்ட் பொத்தான். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு `paNi` என்றால் பணி, `pani` என்றால் பனி. `karai` கரை, `kaRai` கறை. சுண்டுவிரல் அரை விநாடி முந்தினாலோ பிந்தினாலோ சொல் மாறிவிடும், அதுவும் இன்னொரு நல்ல சொல்லாக மாறும். அதனால் உங்கள் விசைப்பலகையில் ஷிஃப்ட் போட்டு வரும் எழுத்துகள் எவை என்று தெரிந்துவைத்துக்கொண்டால், பின்னோக்கிப் போகும்போது ண, ற, ள உள்ள இடங்களில் கூடுதலாக ஒரு நொடி நிற்கலாம்.

வாக்கியங்களைக் கையால் பின்னோக்கித் தேடுவது சலிப்பு. ஒரு பத்தி ஒரே வரியாக இருக்கும் கோப்பு என்றால், லினக்ஸில் இது வாக்கியங்களை வரிக்கு ஒன்றாக உடைத்துத் தலைகீழாக அடுக்கித் தரும்:

```
sed 's/\([.?!]\) \+/\1\n/g' draft.txt | tac
```

‘கி.பி. 1010’ மாதிரி இடங்களில் நடுவிலேயே உடைத்துவிடும். பிழை பார்ப்பதற்கு அது தொந்தரவு இல்லை. இரட்டித்த சொற்களை மட்டும் தேட:

```
grep -nP '(?<!\S)(\S+)\s+\1(?!\S)' draft.txt
```

இது ‘மெல்ல மெல்ல’, ‘கூட்டம் கூட்டமாக’ இரண்டில் முதலாவதைப் பிழை என்று காட்டும், இரண்டாவதை விட்டுவிடும். அடுக்குத்தொடர் எது, கைத்தவறு எது என்று முடிவு செய்ய வேண்டியது நாம்தான்.

பின்னோக்கிப் படிப்பது கண்ணைக் களைக்கவைக்கிற வேலை. நீளமான கட்டுரையை ஒரே இருப்பில் செய்தால், முன்பாதிக்கு வரும்போது ஜோடி பார்ப்பதை விட்டுவிட்டுச் சும்மா படிக்கத் தொடங்கியிருப்போம். பின்னோக்கிப் போவதால் களைப்பு வந்து சேர்வது கட்டுரையின் தொடக்கத்தில், அதாவது எல்லோரும் படிக்கிற இடத்தில். அதனால் பாதியில் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து தொடருவது நல்லது.

வரிசை மாறக்கூடாது

ஆறப்போட்டுப் படிப்பது முதலில், வாய் இரண்டாவது, பின்னோக்கு கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் புதுப்பிழைக்கு ஒரு வாய்ப்பு. முதல் சல்லடையில் பத்தியையே மாற்றுவோம், இரண்டாவதில் வாக்கியத்தை மாற்றுவோம், மூன்றாவதில் எழுத்தை மாற்றுவோம். முதலிலேயே எழுத்தெழுத்தாகச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு வாக்கியத்தை உடைத்தால், செய்த வேலை வீண்.

மேலே குடும்பங்கள் வாக்கியத்தை உடைத்தபோது என்ன நடந்தது பாருங்கள். ‘குடும்பங்கள்’ என்பது ‘குடும்பங்களின்’ ஆனது. ‘போய்விட்டதால்’ என்பது ‘போய்விட்டன’ ஆனது. வீடும் நிலமும் என்று இரண்டு இருப்பதால் ‘போய்விட்டது’ என்று விட்டிருந்தால் அது எழுத்துநடையில் ஒன்பதாவது பிழை. அதுவும் வாய்க்கு அகப்படாத பிழை, ஏனென்றால் பேச்சில் ‘வீடும் நிலமும் போயிடுச்சு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆகவே கடைசிச் சல்லடைக்குப் பிறகு ஒரு வாக்கியத்தைத் தொட்டால், அதையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் மறுபடி ஜோடி ஜோடியாகப் பார்த்துவிடுவது நல்லது.

சல்லடை பிடிக்காதவை

மூன்றும் சேர்ந்தாலும் ஒரு வகைப் பிழையைத் தொடவே தொடாது: பிழை என்று நமக்கே தெரியாதது. ‘முயற்ச்சி’ என்றுதான் எழுத வேண்டும் என்று நம்பும் ஒருவர் எந்தத் திசையிலிருந்து படித்தாலும் அந்த ‘ச்’ அவருக்கு உறுத்தாது. ‘சுவற்றில்’ என்பதும் அப்படி. சுவர் என்பதற்குச் ‘சுவரில்’ என்றுதான் வரும். இவற்றுக்கு மருந்து இன்னொருவர் கண்தான். அவர் சுட்டிக்காட்டுகிற ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த குறிப்பை வெளியிடும் முன் அந்தச் சொற்களைத் தேடுபெட்டியில் போட்டுத் தேடலாம். பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் அந்தப் பட்டியல் பெரும்பாலும் வளராது. ஒருவர் செய்யும் பிழைகள் திரும்பத் திரும்ப அதே பிழைகள்தான்.

இரண்டாவது, மூலமே தப்பாக இருந்தால் நம் சல்லடைக்கு அது தெரியாது. நாம் எடுத்த புத்தகத்திலேயே 1943 என்று இருந்து, பக்கத்தில் ஸ்டான்லியின் பெயரும் இல்லாமல் இருந்தால், மேலே சொன்ன எதுவும் உதவியிருக்காது. அது பிழைதிருத்தம் என்ற எல்லையைத் தாண்டி, மூலங்களை ஒப்பிடுவது என்ற வேறு வேலை.

நேரம் குறைவாக இருக்கும் நாளில் எதை விடுவது என்று கேட்டால், எதையும் மொத்தமாக விடாமல் அளவைக் குறைக்கலாம் என்பேன். ஓர் இரவு ஆறப்போட நேரம் இல்லையென்றால் எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, போனில் திறந்து படியுங்கள். வரி உடையும் இடங்கள் மாறுவதே பிரதியைக் கொஞ்சம் அந்நியமாக்கும். முழுவதையும் வாய்விட்டுப் படிக்க முடியாவிட்டால், இரண்டு வரிக்கு மேல் நீளும் வாக்கியங்களை மட்டும் படியுங்கள். பின்னோக்குக்கு நேரம் இல்லையென்றால் தலைப்பு, முதல் பத்தி, பெயர்கள் வரும் வாக்கியங்கள் இவற்றையாவது ஜோடி ஜோடியாகப் பார்த்துவிடுங்கள். எண்களை மட்டும் எந்த அவசரத்திலும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடவேண்டாம். பனி என்று இருந்தால் வாசகர் சிரித்துவிட்டுத் தானே திருத்திப் படித்துக்கொள்வார். 1943-ஐ அவர் நம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.